வரி விளம்பரம்: எந்தச் சொல்லுக்குக் காசு கொடுப்பது?

நாளிதழில் பொடி எழுத்தில் வரும் வரி விளம்பரத்துக்குச் சொற்கணக்கிலோ வரிக்கணக்கிலோ கட்டணம் வாங்குகிறார்கள். தந்தி அடித்துப் பழகிய நம் தலைமுறை வணிகர்களுக்கு இந்தக் கணக்கு புதிதல்ல. ஆனால் 2013 ஜூலையில் தந்திச் சேவை நின்றதோடு அந்தச் சிக்கனமும் நமக்கு மறந்துபோயிற்று. கன்னிவாடியில் நமது குடோன் காலியாகக் கிடந்தபோது நாம் கொடுத்த விளம்பரத்தைப் பாருங்கள்:

“கன்னிவாடியில் மெயின் ரோட்டில் லாரி வந்து நிற்க வசதியுள்ள 1200 சதுர அடி கொண்ட நல்ல காற்றோட்டமான குடோன் ஒன்று மிகவும் நியாயமான வாடகைக்கு விடப்படும். விருப்பம் உள்ளவர்கள் உடனே தொடர்பு கொள்ளவும்.”

செல் எண்ணை ஒரு சொல்லாகச் சேர்த்தால் 25 சொற்கள். போன் நிறைய வந்தது, குடோன் போகவில்லை. பேசியவர்கள் எல்லோரும் முதலில் கேட்டது, “வாடகை எவ்வளவு?” தொகையைச் சொன்னதும் பாதிப்பேர் வைத்துவிட்டார்கள். ஒருவர் மூலனூர்ப் பக்கமிருந்து கூப்பிட்டு, “ஆட்டுச் சந்தைக்குப் பக்கமா?” என்றார். திருப்பூர் மாவட்டத்திலும் ஒரு கன்னிவாடி இருப்பதை நாம் நினைக்கவே இல்லை!

மறுமுறை எழுதும்போது ஒவ்வொரு சொல்லாக விரல் வைத்துப் பார்த்தோம். ‘வாடகைக்கு’ என்ற தலைப்பின் கீழேதான் அச்சாகிறது; ஆகவே ‘வாடகைக்கு விடப்படும்’ வேண்டாம். எண் கொடுத்தபின் ‘தொடர்பு கொள்ளவும்’ எதற்கு? ‘நல்ல’, ‘மிகவும் நியாயமான’ என்பவற்றை எல்லோரும்தான் போடுகிறார்கள், யாரும் நம்புவதில்லை. மிச்சப்பட்ட காசில், சரக்கு வைப்பவர் கேட்கக்கூடிய தரையையும் வாடகைத் தொகையையும் சேர்த்தோம்:

“குடோன், கன்னிவாடி, திண்டுக்கல். மெயின்ரோடு, 1200 சதுரடி, லாரி நிற்கும், சிமெண்டுத்தரை, ரூ.6000.”

எண்ணோடு 11 சொற்கள். இம்முறை வந்த போன் நாலைந்துதான். ஆனால் பேசியவர்கள் இடத்தைப் பார்க்கவே வந்தார்கள். அவர்களில் ஒரு மளிகைக்காரர் அட்வான்ஸ் கொடுத்தார்.

‘மெயின்ரோடு’, ‘சதுரடி’ என்று நாம் சேர்த்து எழுதியதைக் கவனித்திருப்பீர்கள். தமிழில் இப்படிச் சேர்த்தால் பொருள் கெடாது, ஒரு சொல்லுக்கான காசும் மிச்சம். ஆனால் மூன்று நான்கு சொற்களை ஒட்டி ரயில் வண்டியாக்கினால், விளம்பரம் வாங்குபவர் பிரித்து எண்ணிவிடுவார். அச்சிலும் குறுகிய பத்தியில் வரி உடைந்து படிக்க வராது.

எழுதும் முன்பே குறைந்தபட்சக் கட்டணம் எத்தனை சொல்லுக்கு என்று கேட்டுக்கொள்ளுங்கள். 15 சொல் என்றால் 11-ல் நிறுத்துவது நமக்குத்தான் நஷ்டம். மீதி நான்கில் ‘பஸ்ஸ்டாண்டு அருகில்’ போன்ற பயனுள்ள அடையாளம் போடலாம்.

செல் எண்ணில் ஓர் இலக்கம் மாறினால் கொடுத்த காசு முழுவதும் வீண். வாயால் சொல்லாமல் தாளில் இலக்கம் இலக்கமாக எழுதிக் கொடுங்கள். ரசீதிலோ படிவத்திலோ அவர்கள் எழுதியதைப் பார்த்து, அங்கே நின்றபடியே அந்த எண்ணுக்கு ஒரு போன் போட்டு, உங்கள் செல் அடிக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பணத்தைக் கட்டுங்கள்.