திங்கள்தோறும் கிரகணம் நிகழாதது ஏன்?

சூரியன், புவி, நிலவு மூன்றும் ஒரே நேர்க்கோட்டில் வரும்பொழுது கிரகணம் நிகழ்கிறது என்று கீழ்வகுப்புகளில் படித்தோம். அவ்வாறாயின், திங்கள்தோறும் வரும் முழுநிலவு நாளில் சந்திர கிரகணமும் அமாவாசையில் சூரிய கிரகணமும் நிகழ வேண்டுமே! இந்த ஐயத்தை வளர்த்ததில் நம் பாடநூல் படங்களுக்கும் பங்குண்டு. அவை மூன்று கோள்வடிவங்களையும் ஒரே தாளில், ஒரே தளத்தில், அருகருகே வரைந்து காட்டிவிடுகின்றன.

அளவு மாறாமல் ஒரு படம் வரைந்து பார்ப்போம். ஒரு செ.மீ. என்பது 10,000 கி.மீ. எனக் கொள்க. பெரிய தாளொன்றின் இடப்புறத்தில் 0.64 செ.மீ. ஆரமுள்ள வட்டம் வரைக, அது புவி. அதன் மையம் 'பு'. சூரியன் இடப்பக்கம் நெடுந்தொலைவில் உள்ளது. 'பு'விலிருந்து வலப்புறமாக ஒரு கிடைக்கோடு வரைக. புவி சூரியனைச் சுற்றும் தளத்தைப் பக்கவாட்டில் பார்த்தால் தெரிவது இக்கோடே. புவியின் நிழலும் இக்கோட்டை ஒட்டியே நீளும்.

நிலவின் பாதை இத்தளத்திற்கு 5.1 பாகை சாய்ந்துள்ளது. எனவே 'பு'விலிருந்து 5.1 பாகைக் கோணத்தில் 38.4 செ.மீ. நீளமுள்ள மற்றொரு கோடு வரைக. அதன் முனையில் 'நி' என்னும் நிலவை 0.17 செ.மீ. ஆரத்தில் குறிக்க. 'நி'யிலிருந்து கிடைக்கோட்டிற்குச் செங்குத்துக்கோடு இறக்கினால் செங்கோண முக்கோணம் கிடைக்கிறது.

செங்குத்துக்கோடு = 38.4 × sin 5.1° ≈ 3.4 செ.மீ.

அதாவது, நிலவு 34,000 கி.மீ. உயரத்தில் நிற்கிறது. அத்தொலைவில் புவியின் கருநிழலின் ஆரமோ 4,600 கி.மீ. அளவே, படத்தில் அரை செ.மீ. கூட இல்லை. நிலவு நிழலைத் தொடாமலே கடந்துவிடுகிறது.

சாய்ந்த பாதை புவித்தளத்தை இரண்டு புள்ளிகளில் மட்டுமே வெட்டும். அவற்றைக் கணுக்கள் என்பர். நம் பழைய வானியலார் ராகு, கேது எனப் பெயரிட்டவை இவையே. அவை பாம்புகள் அல்ல, வெட்டுப்புள்ளிகள். அமாவாசையன்று சூரியன் ஒரு கணுவிலிருந்து ஏறத்தாழ 18 பாகைக்குள் இருந்தால்தான் சூரிய கிரகணம் நிகழ இயலும்.

2019 டிசம்பர் 26 அன்று கோவை, திண்டுக்கல் முதலிய இடங்களில் வளையச் சூரிய கிரகணம் காணப்பட்டது. அன்று சூரியன் கேதுவுக்கு 4 பாகை அளவில் நெருங்கியிருந்தது. அடுத்த அமாவாசை 2020 சனவரி 24. அதற்குள் சூரியன் கேதுவைக் கடந்து 26 பாகை விலகிவிட்டது. நிலவின் நிழல் புவிக்குத் தெற்கே வெற்றுவெளியில் விழுந்தது; கிரகணம் இல்லை. ஏறத்தாழ ஆறு மாதங்களில் சூரியன் எதிர்க்கணுவாகிய ராகுவை நெருங்கியது. 2020 சூன் 21 அன்று வட இந்தியாவில் மீண்டும் வளையக் கிரகணம் தோன்றியது.

கணுக்களும் நிலையாக நிற்பதில்லை; ஆண்டுக்கு ஏறத்தாழ 19 பாகை பின்னோக்கி நகர்கின்றன. ஆதலின் கிரகணப் பருவமும் ஆண்டுதோறும் முந்தி வருகிறது. 2020இல் ஆண்டிறுதிச் சூரிய கிரகணம் டிசம்பர் 14 அன்றும், 2021இல் டிசம்பர் 4 அன்றும் நிகழ்ந்தன.