மீதியில் நிற்கும் π: தகா விகிதமுறு சார்புகளைத் தொகையிடுதலில் நீள் வகுத்தலின் இடம்

ஆய்வுச் சுருக்கம்

தொகுதியின் படி பகுதியின் படிக்குச் சமமாகவோ அதைவிட மிகுதியாகவோ உள்ள விகிதமுறு சார்பைத் தொகையிடும்போது முதலில் நீள் வகுத்தல் செய்ய வேண்டும் என்பது வகுப்பறையில் ஒரு விதியாகவே சொல்லப்படுகிறது. அவ்விதியைத் தவிர்த்தால் நேரும் பிழை ஏன் கண்ணுக்குத் தெரிவதில்லை என்பதை இக்கட்டுரை முதலில் காட்டுகிறது. அடுத்து, 22/7 என்னும் எண்ணோடு தொடர்புடைய ஒரு தொகையை முழுமையாகச் செய்து காட்டி, ஈவும் மீதியும் விடையின் வெவ்வேறு கூறுகளைத் தருகின்றன என்பதை விளக்குகிறது. இதே வகுத்தல் மாதவரின் தொடரிலும் அடங்கியிருப்பதை இறுதியில் எடுத்துரைக்கிறது.

திறவுச்சொற்கள்: தகா பின்னம், நீள் வகுத்தல், ஈவு, மீதி, பகுதிப் பின்னங்கள், மாதவர் தொடர்

1. முன்னுரை

P(x), D(x) ஆகியவை பல்லுறுப்புக்கோவைகள் எனக் கொள்வோம். P-யின் படி D-யின் படியைவிடக் குறைவாக இருப்பின் P/D தகு பின்னம். இல்லையேல் தகா பின்னம். தகா பின்னத்தை வகுத்தால்

P(x) = Q(x)·D(x) + R(x)

என்னும் முற்றொருமை கிடைக்கிறது. இங்கு Q ஈவு, R மீதி. R-இன் படி D-யின் படியைவிடக் குறைவு. அல்லது R சுழி. எனவே

∫ P/D dx = ∫ Q dx + ∫ R/D dx

ஆகும். முதல் தொகை வெறும் பல்லுறுப்புக்கோவையின் தொகை. இரண்டாவது, பகுதிப் பின்னங்களாகப் பிரிக்கத்தக்க தகு பின்னத்தின் தொகை. இவ்வளவும் பதினொன்றாம் வகுப்பு அறிந்த செய்தியே. ஆயினும் விடைத்தாள்களில் இந்த முதற்படி விடுபடுவது அரிதன்று. அவ்வாறு விடுபட்டதை மாணவர் தாமே உணர்வதும் அரிது. அதற்குரிய காரணம் கணிதத்திற்குள்ளேயே இருக்கிறது.

2. விடுபட்ட ஈவு ஏன் தெரிவதில்லை

(x² + 1)/(x² − 1) என்னும் சார்பை எடுத்துக்கொள்வோம். தொகுதி, பகுதி இரண்டின் படியும் 2. எனவே இது தகா பின்னம். இதைக் கவனியாத ஒருவர் நேரடியாக

(x² + 1)/(x² − 1) = A/(x − 1) + B/(x + 1)

என எழுதி, x² + 1 = A(x + 1) + B(x − 1) என்ற சமன்பாட்டிற்கு வருகிறார். x = 1 எனப் பிரதியிட 2 = 2A; ஆகவே A = 1. x = −1 எனப் பிரதியிட 2 = −2B; ஆகவே B = −1. எவ்விடத்திலும் முரண் எழவில்லை. விடை log|(x − 1)/(x + 1)| + C என முடிகிறது. இது தவறு. வகுத்துப் பார்த்தால் ஈவு 1, மீதி 2. சரியான விடை x + log|(x − 1)/(x + 1)| + C.

இங்குக் கவனிக்க வேண்டியது, A, B ஆகியவற்றின் மதிப்புகள் பிழையானவை அல்ல என்பதாகும். பகுதியின் மூலங்களான 1, −1 ஆகிய இரு இடங்களிலும் D(x) சுழியாகிறது. எனவே Q(x)·D(x) என்ற உறுப்பு முழுவதும் அவ்விடங்களில் மறைந்து, P-யின் மதிப்பும் R-இன் மதிப்பும் ஒன்றாகின்றன. மூலங்களை மட்டும் பிரதியிடுபவர், தாம் அறியாமலேயே மீதிக்குரிய மாறிலிகளைச் சரியாகக் கண்டுவிடுகிறார்; ஈவு இருப்பதே அவருக்குப் புலப்படுவதில்லை. கணக்கீடு தடையின்றி ஓடியதே பிழையை மறைத்துவிட்டது.

இதைக் கண்டறிய இரு எளிய சோதனைகள் உண்டு. முதலாவது, மூலம் அல்லாத ஓர் எண்ணைப் பிரதியிடுதல். x = 0 எனக் கொண்டால் இடப்பக்கம் 1; வலப்பக்கம் A − B = 2. முரண் உடனே வெளிப்படுகிறது. இரண்டாவது, x மிகப் பெரிதாகும்போது இருபக்கமும் எதை நெருங்குகின்றன எனப் பார்த்தல். மூலச் சார்பு 1-ஐ நெருங்குகிறது. தகு பின்னங்களின் கூட்டலோ எப்போதும் 0-வையே நெருங்கும். ஆகவே தகு பின்னங்களை மட்டும் கொண்டு ஒரு தகா பின்னத்தை எழுதுவது இயலாத செயல் என்பதை இச்சோதனை அடிப்படையிலேயே உணர்த்துகிறது.

3. 22/7-ம் ஒரு தொகையும்

இனி, ஈவும் மீதியும் தத்தம் பங்கைத் தெளிவாகக் காட்டும் ஒரு தொகையை முழுமையாகச் செய்து பார்ப்போம்.

I = ∫₀¹ x⁴(1 − x)⁴/(1 + x²) dx

டி. பி. டால்செல் 1944இல் லண்டன் கணிதக் கழக இதழில் 22/7 குறித்து எழுதிய கட்டுரையால் அறியப்பட்ட தொகை இது. 1968ஆம் ஆண்டின் பட்னம் போட்டியிலும், 2010ஆம் ஆண்டின் ஐ.ஐ.டி. நுழைவுத் தேர்விலும் இது வினாவாக இடம்பெற்றது.

தொகுதியை விரித்து, இல்லாத படிகளுக்குச் சுழிக் கெழுக்களை இட்டு, இறங்கு வரிசையில் எழுத வேண்டும்:

x⁸ − 4x⁷ + 6x⁶ − 4x⁵ + x⁴ + 0x³ + 0x² + 0x + 0

இதனை x² + 1 ஆல் வகுக்கும்போது ஒவ்வொரு படியிலும் கிடைக்கும் ஈவின் உறுப்பும், கழித்தபின் எஞ்சுவதும் வருமாறு:

x⁶ : எஞ்சுவது −4x⁷ + 5x⁶ − 4x⁵ + x⁴
−4x⁵ : எஞ்சுவது 5x⁶ + x⁴
5x⁴ : எஞ்சுவது −4x⁴
−4x² : எஞ்சுவது 4x²
4 : எஞ்சுவது −4

மூன்றாம் படியின் முடிவில் −4x⁴ என்ற ஓருறுப்பு மட்டுமே எஞ்சுகிறது. விரித்தெழுதிய உறுப்புகள் யாவும் தீர்ந்துவிட்டதால் வகுத்தல் முடிந்தது என எண்ண இங்கு இடமுண்டு. ஆனால் அதன் படி 4. வகுத்தியின் படி 2. எனவே −4x⁴/(1 + x²) இன்னும் தகா பின்னமே. எஞ்சியதன் படி வகுத்தியின் படிக்குக் கீழே இறங்கிய பின்னரே வகுத்தல் நிறைவுறும். சுழிக் கெழுக்களை எழுதி வைப்பதன் பயன் இவ்விடத்தில் விளங்கும்.

மீதியைத் தனியே சரிபார்க்கவும் வழியுண்டு. x² = −1 எனக் கொண்டால் வகுத்தி சுழியாகிறது; தொகுதியின் மதிப்பு மீதியாகவே இருக்க வேண்டும். அப்போது x⁴ = 1; (1 − x)² = 1 − 2x + x² = −2x; ஆகவே (1 − x)⁴ = 4x² = −4. மீதி −4 என்பது உறுதியாகிறது.

எனவே

I = ∫₀¹ (x⁶ − 4x⁵ + 5x⁴ − 4x² + 4) dx − 4 ∫₀¹ dx/(1 + x²)

ஈவின் தொகை 1/7 − 2/3 + 1 − 4/3 + 4 = 22/7. மீதியின் தொகை 4 × π/4 = π. ஆகவே I = 22/7 − π.

முழு எண் கெழுக்கள் உடைய ஈவை 0 முதல் 1 வரை தொகையிட்டால் விகிதமுறு எண் அன்றி வேறொன்றும் வர இயலாது. π தோன்றுவதற்கு மீதியைத் தவிர வேறு இடமில்லை. நீள் வகுத்தல் இவ்விரண்டையும் கணக்கின் தொடக்கத்திலேயே பிரித்து வைத்துவிடுகிறது.

இதன் பயன் ஒன்று உண்டு. (0, 1) இடைவெளியில் தொகைச்சார்பு மிகை. எனவே I > 0. ஆகவே 22/7 என்பது π-ஐவிடப் பெரிது. எவ்வளவு பெரிது என்பதையும் மதிப்பிடலாம். அவ்விடைவெளியில் 1/(1 + x²) என்பது 1/2-க்கும் 1-க்கும் இடைப்பட்டது; ∫₀¹ x⁴(1 − x)⁴ dx = 1/630. எனவே வேறுபாடு 1/1260-ஐவிட மிகுதி, 1/630-ஐவிடக் குறைவு. பள்ளியில் π-க்கு ஈடாகப் பயன்படுத்தும் எண்ணின் பிழை இவ்வாறு இரு பக்கமும் எல்லை கட்டப்படுகிறது.

4. மாதவரின் தொடரில் அதே வகுத்தல்

தொகுதியில் x⁴(1 − x)⁴ என்பதற்குப் பதிலாக அதே எட்டாம் படியில் x⁸ இருந்தால் என்னவாகும்? ஈவு x⁶ − x⁴ + x² − 1, மீதி 1. தொகையிட

∫₀¹ x⁸/(1 + x²) dx = π/4 − (1 − 1/3 + 1/5 − 1/7)

எனக் கிடைக்கிறது. அடைப்புக்குள் இருப்பவை மாதவர் தொடரின் முதல் நான்கு உறுப்புகள். 8-க்குப் பதில் 2n எனக் கொண்டால் முதல் n உறுப்புகள் வரும். இடப்பக்கத் தொகை 1/(2n + 1)-ஐவிடக் குறைவு; n வளர வளர அது சுழியை நெருங்குகிறது. ஆகவே இந்த வகுத்தல் முற்றொருமையே தொடர் ஒருங்குவதற்கான நிறுவலையும் தந்துவிடுகிறது.

பதினான்காம் நூற்றாண்டைச் சேர்ந்த சங்கமகிராம மாதவரின் இத்தொடருக்கு, பதினாறாம் நூற்றாண்டில் ஜ்யேஷ்டதேவர் மலையாளத்தில் எழுதிய யுக்திபாஷை காரண விளக்கம் தருகிறது. அங்கு, தோராயமான வகுத்தியால் வகுத்து, எழும் பிழையை மீண்டும் மீண்டும் திருத்திச் செல்லும் முறை கையாளப்படுகிறது. பின்னர், அடுக்குகளின் கூட்டல்கள் இன்றைய தொகையிடுதலின் பணியைச் செய்கின்றன. இக்கணிதத்தை நவீன ஆய்வுலகிற்கு எடுத்துரைத்தவர்களுள் ஒருவர் தாம்பரம் சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் பணியாற்றிய சி. டி. ராஜகோபால். கே. முகுந்த மாராருடன் இணைந்து அவர் எழுதிய, வட்டத்தின் பரப்பு காணும் இந்திய முறை பற்றிய கட்டுரை, ராயல் ஏசியாட்டிக் சொசைட்டியின் பம்பாய்க் கிளை இதழில் 1944இல் வெளிவந்தது. டால்செலின் கட்டுரை வெளிவந்ததும் அதே ஆண்டில்தான்.

இவ்விரு தொகைகளையும் அருகருகே வைத்தால் வேறுபாடு விளங்கும். வகுத்தி ஒன்றே, தொகுதியின் படியும் ஒன்றே. ஆயினும் மாதவர் தொடரின் நான்கு உறுப்புகள் π-க்குத் தருவது 304/105, அதாவது ஏறத்தாழ 2.895, டால்செலின் தொகை தருவதோ 22/7. x⁸ இடைவெளியின் வலக்கோடியில் 1 வரை உயர்கிறது. X⁴(1 − x)⁴ எவ்விடத்திலும் 1/256-ஐ மிஞ்சுவதில்லை. தொடர் மெதுவாக நெருங்குவதை மாதவர் மரபினரும் அறிந்திருந்தனர். இறுதியில் ஒரு திருத்த உறுப்பைச் சேர்த்தனர். 1/7-இல் நிறுத்தும்போது அத்திருத்தத்தின் எளிய வடிவம் 1/16. அதைச் சேர்த்தால் π-க்கு ஏறத்தாழ 3.145 கிடைக்கிறது. இன்றைய மொழியில் சொன்னால், இடப்பக்கத்துத் தொகைக்கு அவர்கள் கண்ட மதிப்பீடு அது.

5. வகுத்தலின் எல்லை

நீள் வகுத்தல் படியைக் குறைக்கும். அதற்கு மேல் எதையும் செய்யாது. பகுதியைக் காரணிப்படுத்துவது தனிப் பணி. வரையறுத்த தொகையில் இடைவெளிக்குள் பகுதி சுழியாகிறதா என்பதையும் அது எச்சரிக்காது. முன்பு கண்ட (x² + 1)/(x² − 1) என்பதை 0 முதல் 2 வரை தொகையிடச் சொன்னால், x + log|(x − 1)/(x + 1)| என்பதில் எல்லைகளை இட்டு 2 − log 3 என ஒருவர் எழுதக்கூடும். ஈவும் மீதியும் சரியே; ஆனால் x = 1இல் சார்பு வரம்பின்றி வளர்வதால் அத்தொகை ஒருங்குவதில்லை. எல்லைகளை இடுமுன் பகுதியின் மூலங்களை இடைவெளியோடு ஒப்பிட்டுப் பார்த்தாக வேண்டும்.

6. முடிவுரை

தகா பின்னத்தின் தொகையில் ஈவு பல்லுறுப்புக்கோவைக் கூற்றைத் தருகிறது; மடக்கையும் நேர்மாறு டேன்ஜெண்ட்டும் மீதியிலிருந்தே பிறக்கின்றன. வகுக்காமல் செல்பவர் மீதியை மட்டும் கண்டு, ஈவை இழக்கிறார். மூலங்களைப் பிரதியிடும் முறை அவ்விழப்பை மறைத்துவிடுகிறது. எனவே இப்பாடத்தைக் கற்பிக்கும்போது, விதியைச் சொல்வதோடு நில்லாமல், வகுக்காமல் செய்த ஒரு கணக்கையும் கரும்பலகையில் இறுதிவரை கொண்டுசென்று, x = 0 எனப் பிரதியிட்டு அது முறிவதைக் காட்டுவது பயன் தரும்.