கல்லாவில் இருப்பவர் பார்க்கக் கூடாத தொகை

ஆர்டர் கணினியில் பதிவாகும் விதத்தைப் போன வாரம் பார்த்தோம். பதிவான ஆர்டரில் யாருக்கு எது தெரிய வேண்டும் என்பதை இந்த வாரம் பார்ப்போம்.

ஈரோட்டில் போர்வை, துண்டு விற்கும் ஒரு கடை என்று வைத்துக்கொள்வோம். பேக்கிங்கில் ஒருவர், கல்லாவில் ஒருவர், கணக்கு எழுத ஒருவர். பேக்கிங் செய்பவரின் திரையில் ஆர்டர் எண், சரக்கு, நிறம், அளவு, எத்தனை, எந்த அலமாரி என்பவை இருந்தால் போதும். விலை வேண்டாம். வாடிக்கையாளரின் முகவரியும் போன் நம்பரும் பார்சல் லேபிளில் அச்சாகத்தான் செய்யும். அதை அவர் கண்ணிலிருந்து மறைக்க முடியாது. ஆனால் பார்சல் கூரியருக்குப் போன பிறகு பழைய முகவரிகளை அவர் திறக்க முடியாமலும், மொத்தப் பட்டியலை இறக்கிக்கொள்ள முடியாமலும் செய்யலாம்.

கல்லாதான் சிக்கலான இடம். ஒருவர் 1,840 ரூபாய்க்குப் போர்வை வாங்கி, ரொக்கம் கொடுத்து, பில்லைக் கையில் வாங்காமலே போய்விடுகிறார். அவர் தெருவைத் தாண்டியதும் கல்லாவில் இருப்பவர் அந்த பில்லை ரத்து செய்கிறார். அன்று கல்லாவில் இருக்க வேண்டிய ரொக்கம் கணினிக் கணக்கில் 48,300லிருந்து 46,460 ஆகக் குறைகிறது. வித்தியாசம் அவர் பைக்குப் போகிறது. ராத்திரி எண்ணிப் பார்த்தால் ரொக்கமும் கணக்கும் ஒரு ரூபாய் பிசகாமல் ஒத்துப்போகும். காட்டிக்கொடுப்பது சரக்கு மட்டும்தான்: ரத்தான போர்வை கணினியில் இருப்பாகத் திரும்பியிருக்கும், அலமாரியில் இருக்காது.

இதை அடைக்க இரண்டு வேலை செய்ய வேண்டும். பில் அச்சாகும் வரை கல்லாக்காரரே திருத்தலாம். அச்சானபின் அவரால் ரத்து கேட்க மட்டுமே முடியும், காரணமும் எழுத வேண்டும். ஒப்புதல் கணக்காளருடையது. கணக்காளருக்கு எல்லா பில்லும் தெரியும், ஆனால் புது பில் போடும் உரிமை கிடையாது. இரண்டு உரிமையும் ஒரே ஆளிடம் இருந்தால் இந்த ஏற்பாட்டுக்கே பொருள் இல்லை.

இரண்டாவது வேலையைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். கடை சாத்தும்போது கல்லாக்காரர் ரொக்கத்தை எண்ணி, நோட்டு வாரியாகக் கணினியில் போட வேண்டும். எவ்வளவு இருந்திருக்க வேண்டும் என்ற தொகை அதற்கு முன் அவர் திரையில் வரக் கூடாது. வந்தால், மீதிச் சில்லறை தராமல் சேர்ந்த 200 ரூபாய் பைக்குள் போய்விடும். குறைந்த 200ஐ நாளை பார்த்துக்கொள்ளலாம் என்று கைக்காசு போட்டு நிரப்புவார்கள். இரண்டும் கணக்காளருக்குத் தெரியவே தெரியாது. மாதம் முழுக்க ஒரு ரூபாய்கூட ஏறாமல் இறங்காமல் ஒத்துப்போகும் கல்லாவைத்தான் நான் முதலில் சந்தேகப்படுவேன். கைமாறும் ரொக்கத்தில் பத்து, இருபது முன்பின் ஆவது இயல்பு.

தொகையை மட்டும் மறைத்துவிட்டு அன்றைய பில் பட்டியலைத் திறந்து வைத்தால் பயனில்லை. அவரே கூட்டிப் பார்த்துவிடுவார். துணி மாற்ற வருபவருக்காக, எண் கொடுத்தால் அந்த ஒரு பில் திறக்க வேண்டும், அவ்வளவுதான். தனியாகத் தாளில் குறித்து வைக்கிறவரை எந்தக் கணினியும் தடுக்காது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

உரிமையை ஆளுக்குக் கொடுக்காமல் வேலைக்குக் கொடுக்கும் இந்த முறையை ஒழுங்காக வரையறுத்து 1992இல் கட்டுரை எழுதியவர்கள் அமெரிக்கத் தர நிர்ணய நிறுவனமான நிஸ்ட்டின் டேவிட் ஃபெராயோலோ, ரிச்சர்ட் குன். பேக்கிங்கில் இருந்தவர் கல்லாவுக்கு மாறினால் பழைய வேலையின் உரிமையை எடுத்துவிட்டுப் புதியதைக் கொடுக்க வேண்டும். கடைகளில் கொடுப்பது நடக்கிறது, எடுப்பது நடப்பதில்லை. ‘கவுண்டர் 1’ என்று ஒரே பாஸ்வேர்டை நான்கு பேர் பயன்படுத்தும் இடத்திலோ, ரத்து செய்தது யார் என்று பதிவேட்டைப் பார்த்தாலும் பதில் கிடைக்காது.

மென்பொருள் செய்து தருபவர்கள் அடிக்கடி செய்யும் தவறு ஒன்று உண்டு. ரத்து பட்டனைத் திரையிலிருந்து எடுத்துவிட்டு வேலை முடிந்தது என்று நினைப்பார்கள். ரத்து செய்யும் பக்கத்தின் முகவரி தெரிந்தவருக்கு அது திறக்கும். ஒவ்வொரு முறையும் கேட்பவர் யார், அவர் வேலை என்ன என்று சர்வரே சரிபார்க்க வேண்டும்.

கடை வைத்திருப்பவர்கள் இன்று ராத்திரியே இதைச் சோதித்துப் பாருங்கள். உங்கள் கணக்கில் நுழைந்து, ஏதாவது ஒரு பில் பக்கத்தின் முகவரியை நகலெடுங்கள். வெளியே வந்து, பேக்கிங் கணக்கில் நுழைந்து, அதே முகவரியை ஒட்டுங்கள். 403 என்றோ, அனுமதி இல்லை என்றோ வர வேண்டும். பில் திறந்தால் மென்பொருள் செய்தவரை நாளைக் காலையிலேயே கூப்பிடுங்கள்.

(தொடரும்)