அதிகம் பழகாதவருக்கு ஒரு பிரிவு மடல்

மாணவ நண்பர்களே, நாளை நீங்களும் ஏதேனும் ஓர் அலுவலகத்தில் அமர்வீர்கள். ஒருநாள், நீங்கள் அதிகம் பழகியிராத ஒருவர் மாற்றலாகிச் செல்வார். 'நீங்களும் இரண்டு வரி எழுதுங்கள்' என்று ஒரு தாளை உங்கள்முன் நீட்டுவார்கள். என்ன எழுதுவது?

விளாத்திகுளத்தில் நான் பணிபுரிந்தபோது இந்தச் சோதனை எனக்கும் நேர்ந்தது. 'உடன்பிறந்தார்போல் பழகினோம்; தங்கள் பிரிவால் ஆறாத் துயருற்றோம்' என்று தாராளமாக எழுதிவிட்டேன். விருந்து முடிந்ததும் அப்பெரியவர் மடலைக் கையில் வைத்துக்கொண்டு, 'தாங்கள் எந்தப் பிரிவில் இருக்கிறீர்கள்?' என்று பணிவோடு கேட்டார். நான் தலைகுனிந்தேன். பிரிவுபசாரப் பத்திரங்களில் படித்த சொற்களை எடுத்து எழுதியதே என் பிழை. அவை ஊரார் அனைவரும் சேர்ந்து பலர் கேட்க வாசிக்கும் சொற்கள். தனி ஒருவன் கையொப்பத்தின்மேல் அவை பொய்யாகிவிடும்.

அடுத்த முறை, பதிவேடுகளைக் காத்துவந்த ஒருவர் தூத்துக்குடிக்கு மாற்றலானார். அவரோடு நான் பேசியது மூன்று நான்கு முறைதான். முதலில், அவர் ஏன் செல்கிறார் என்று விசாரித்தேன். அவர் கேட்டுப் பெற்ற மாற்றல் அன்று. குடும்பத்தை இங்கே விட்டுத் தனியே செல்கிறார் என்று தெரிந்தது. ஆகவே 'மகிழ்ச்சி' என்ற சொல்லை விலக்கினேன். பிறகு, அவரைப் பற்றி நானே கண்ணால் கண்டது ஏதேனும் உண்டா என்று நினைத்துப் பார்த்தேன். ஒன்று கிடைத்தது. அதை இவ்வாறு எழுதினேன்:

'அன்புள்ள ஐயா, தங்களோடு நெருங்கிப் பழகும் வாய்ப்பு எனக்குக் கிட்டவில்லை. ஆயினும் சென்ற ஐப்பசியில், ஒரு மழை மாலையில், அலுவலக நேரம் முடிந்த பின்னும் ஒரு முதிய விவசாயிக்காகப் பழைய பதிவேட்டைத் தாங்கள் தேடி எடுத்ததைக் கண்டேன். அதை நான் மறக்கவில்லை. நலமே போய் வாருங்கள்.'

இதில் பழக்கக் குறைவை ஒரே வாக்கியத்தில் ஒப்புக்கொண்டேன். அதற்காக வருந்தி நீட்டவில்லை. நீட்டினால் மடல் அவரை விட்டு என்னைப் பற்றியதாகிவிடும். 'நல்லவர், வல்லவர்' என்று யாருக்கும் பொருந்தும் புகழைச் சொல்லவில்லை. மூத்தவர் என்பதால் 'தாங்கள்' என்றேன். ஒத்த வயதினராயின் 'நீங்கள்' போதும். மனுவில் எழுதும் 'இங்ஙனம்' இங்கே குளிர்ந்துவிடும் என்று 'அன்புடன்' எனக் கையொப்பமிட்டேன்.

கண்டது ஒன்றுமே இல்லையாயின்? அப்போது கற்பனை வேண்டாம். 'புதிய இடத்தில் நலமாக இருக்க விழைகிறேன்' என்ற ஒரு வரி போதும். எழுதிய பின் ஒரு சோதனை செய்யுங்கள்: பெயரை மாற்றி வேறொருவருக்கு அனுப்பினாலும் பொருந்துகிற புகழ்ச்சி அதில் இருந்தால், அதை அடித்துவிடுங்கள்.

பேருந்து புறப்படும் வேளையில் அவர் என்னைப் பெயர் சொல்லி அழைத்தார். 'அந்த மழை நாள் உங்களுக்கு நினைவிருக்கிறதா!' என்றார்.