பாதி திருத்திய கட்டு

கொரோனாப் பெருந்தொற்றினால் பள்ளிகள் மூடிக்கிடந்த 2021ஆம் ஆண்டின் மே மாதத்தில், பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வாட்ஸ்அப் வழியாக அலகுத் தேர்வு நடத்தும் ஏற்பாடு தமிழ்நாட்டில் வந்தபோது, வினாத்தாள் கைப்பேசியில் போய்ச் சேரவும், பிள்ளைகள் வீட்டிலிருந்தே விடையெழுதிப் பெற்றோரின் கையொப்பத்துடன் அதைப் படம்பிடித்து அனுப்பவும், அந்தப் படங்களையே விடைத்தாளாகக் கொண்டு ஆசிரியர்கள் திருத்தவும் வேண்டியதாயிற்று. அம்பத்தூர்ப் பக்கத்துப் பள்ளியொன்றில் பௌதிகம் கற்பித்துவந்த நான், 41 பேரின் விடைத்தாள்களைப் பாதி திருத்தியிருந்த வேளையில், ஆவடியிலிருந்த என் அன்னையார் நோயுற்று, இரவும் பகலும் உடனிருந்து கவனிக்க வேண்டிய நிலை ஏற்பட்டது. மிச்சத்தைத் திருத்தித் தர இசைந்தவர் பூந்தமல்லியில் வசித்த இளைய ஆசிரியை ஒருவர். அவருக்காக எழுதி வைத்த இரண்டு பக்கக் குறிப்பைப் பற்றியே இந்தக் கட்டுரை. அப்படிப்பட்ட குறிப்பை எழுதுவதும் கற்றுக்கொள்ள வேண்டிய ஒரு தொழில்நுணுக்கம் என்பது என் அபிப்பிராயம்.

முன்னொரு சமயம் இத்தகைய கட்டு ஒன்று என் கைக்கு வந்திருந்தது. ‘பாதி முடிந்தது, மீதியைத் தாங்கள் பார்த்துக்கொள்ளவும்’ என்ற ஒரே வரிதான் அதனுடன் இருந்தது. மதிப்பெண் பட்டியலில் சில கட்டங்கள் வெறுமையாக இருந்தன. அந்த வெறுமைக்கு மாணவன் விடையே எழுதவில்லை என்று பொருளா, எழுதியது முற்றிலும் தவறு என்று பொருளா, அல்லது முன்னவர் அந்த விடையை இன்னும் பார்க்கவேயில்லை என்று பொருளா என அறிய வழியில்லாமல், பழையபடி முதல் தாளிலிருந்து தொடங்கவேண்டி வந்தது. பாதி திருத்திய கட்டில் ஏற்படும் தவறுகளில் பெரும்பாலானவை இந்த ஒரு மயக்கத்திலிருந்தே பிறக்கின்றன. காகிதத்தில் சிவப்பு மையின் சுவடாவது இருக்கும். படத்தில் அதுவும் இராது. போதாக்குறைக்கு, கணினிப் பட்டியலில் கூட்டுவதற்கு நாம் இடும் SUM என்னும் கட்டளை, வெற்றுக் கட்டத்தைக் கண்டால் நின்று கேட்பதில்லை. சத்தமில்லாமல் அதைத் தாண்டிப்போய் ஒரு கூட்டுத்தொகையைக் காட்டிவிடுகிறது. 38 வாங்கவேண்டிய பிள்ளைக்கு 33 என்று வந்தாலும் அந்த எண்ணின் தோற்றத்தில் எந்தக் குறையும் தெரியாது.

ஆகையால் என் குறிப்பின் முதல் பத்தி குறியீடுகளைப் பற்றியதாகவே இருந்தது. 0 என்றால் விடையைப் படித்தேன், மதிப்பெண்ணுக்கு உரியது ஒன்றுமில்லை; சிறு கோடு என்றால் மாணவர் அந்த வினாவைத் தொடவில்லை; ‘ப’ என்றால் அந்தப் பக்கத்தின் படம் வந்து சேரவில்லை அல்லது படிக்க இயலவில்லை, கேட்டிருக்கிறேன்; வெற்றுக் கட்டம் என்றால் நான் இன்னும் பார்க்கவில்லை, அதற்கு வேறு பொருளே கிடையாது. இந்த நான்கையும் கலக்காமல் இருந்தால், கட்டு எந்த நிலையில் கைமாறினாலும் அடுத்தவர் தொடரலாம்.

நான் திருத்திய கிரமத்தையும் சொல்லவேண்டும். ஒரு மாணவரின் தாளை முழுதும் முடித்துவிட்டு அடுத்ததை எடுப்பது ஒரு முறை. ஒரே பகுதியை எல்லாத் தாள்களிலும் தொடர்ந்து பார்த்துவிட்டு அடுத்த பகுதிக்குப் போவது இன்னொரு முறை. இரண்டாவதில் அளவுகோல் மாறாமல் நிற்கும் என்பதால் அதையே நான் கைக்கொண்டிருந்தேன். அதன் விளைவு, முடிந்த தாள் ஒன்றுகூட இல்லை. எல்லாத் தாள்களும் அரைகுறை. வினாத்தாள் 50 மதிப்பெண்ணுக்கு உரியது: ஒரு மதிப்பெண் வினா பத்து, இரண்டு மதிப்பெண் வினா ஐந்து, மூன்று மதிப்பெண் வினா ஆறில் ஐந்து, ஐந்து மதிப்பெண் வினா மூன்று. ஆக ஒவ்வொருவருக்கும் 24 கட்டங்கள். முதல் இரண்டு பகுதிகளையும் 41 பேருக்கும் முடித்திருந்தேன். மூன்றாம் பகுதியில் வரிசை எண் 23 வரை வந்திருந்தேன். நான்காம் பகுதியைத் தொடவேயில்லை. மிச்சம் எவ்வளவு என்பதைக் கணக்காகவே எழுதிவைத்தேன்: மூன்றாம் பகுதியில் 18 பேருக்கு ஆறு கட்டங்கள் வீதம் 108, நான்காம் பகுதியில் 41 பேருக்கு மூன்று வீதம் 123, மொத்தம் 231.

அந்த 231 என்ற எண்ணுக்கு ஓர் உபயோகம் உண்டு. பட்டியலில் மதிப்பெண்கள் C முதல் Z வரையுள்ள 24 நிரல்களிலும், 2 முதல் 42 வரையுள்ள 41 வரிகளிலும் இருந்தன. வெற்றுக் கட்டங்களை மட்டும் எண்ணித்தரும் கட்டளை இது:

```
=COUNTBLANK(C2:Z42)
```

‘கோப்பைத் திறந்தவுடன், எந்தப் படத்தையும் பார்ப்பதற்கு முன், இதை இட்டுப் பாருங்கள். 231 வந்தால் என் கணக்கும் உங்கள் கையிலுள்ள பட்டியலும் ஒன்று. வேறு எண் வந்தால் பழைய பிரதி வந்திருக்கிறது, அல்லது நான் எங்கோ ஒரு கட்டத்தை விட்டிருக்கிறேன்; உடனே என்னைக் கூப்பிடுங்கள்’ என்று எழுதினேன். வேலை முடியும்போது அதே கட்டளை சுழியைக் காட்டவேண்டும். அதுவரை கூட்டுத்தொகை நிரலைத் தொடவேண்டாம் என்பது என் வேண்டுகோள். ஆறு வினாக்களையும் எழுதியவர்களுக்கு ஆறையும் திருத்தி, குறைந்த மதிப்பெண்ணுக்குமுன் ‘மி’ என்று எழுதும்படியும் சொல்லியிருந்தேன். ‘மி 2’ என்று இருந்தால் SUM அதை எழுத்தாகக் கருதி விட்டுவிடும், மிகையென்று நாம் விலக்கிய மதிப்பெண்ணும் கண்ணுக்குத் தெரிந்துகொண்டிருக்கும்.

இனிப் படங்களின் சங்கதி. அம்பத்தூர் தொழிற்பேட்டைக்கு வேலைக்குப் போகும் தகப்பனாரிடம்தான் வீட்டின் ஒரே கைப்பேசி இருக்கும். அவர் ஷிப்டு முடிந்து திரும்பிய பிறகு, இரவு எட்டு மணிக்கு மேல், குழல்விளக்கின் கீழே, தன் கையின் நிழல் தாளின்மேல் விழ, பிள்ளை அவசரமாகப் படமெடுத்து அனுப்பும். அவ்விதம் வரும் படங்கள் என் கைப்பேசியில் `IMG-20210524-WA0013.jpg` என்பது போன்ற பெயருடன் சேமிக்கப்படும். நடுவிலுள்ள எட்டு இலக்கம் படம் வந்த தேதி. கடைசி எண், அன்று வந்தவற்றுள் அது எத்தனையாவது என்பது. அந்த எண்ணைப் பக்க எண் என்று நம்பினால் கெட்டோம். அடுத்தடுத்த எண்கள் அடுத்தடுத்த பக்கங்களாக இருக்கவேண்டுமென்ற நியதியில்லை. ஒருவர் அனுப்பிக்கொண்டிருக்கும்போதே இன்னொருவரின் படம் இடையில் வந்து புகுந்துவிடுவதும் உண்டு. எனவே ஒவ்வொரு படத்துக்கும் வரிசை எண்ணையும் பக்க எண்ணையும் சேர்த்து `27-p3.jpg` என்று பெயர் மாற்றி, அந்த மூலப் படங்களை ஓர் உறையிலும், மேலே சிவப்பில் குறியிட்ட பிரதிகளை வேறோர் உறையிலும் வைத்திருந்தேன். மூலத்தின்மேல் எழுதிச் சேமித்துவிட்டால் பிறகு அந்தச் சிவப்பை அழித்து அடியில் இருப்பதைப் பார்க்க இயலாது.

விட்டுப்போன பக்கத்தைக் கண்டுபிடிக்க, ஒரு பக்கத்தின் கடைசி வரியையும் அடுத்த பக்கத்தின் முதல் வரியையும் சேர்த்துப் படிப்பதே சிறந்த உபாயம். வாக்கியம் ஒட்டவில்லையென்றால் நடுவில் ஒன்று வரவில்லை. வரிசை எண் 12-இன் தாளில் 13ஆம் வினாவின் பாதியிலேயே பக்கம் முடிந்து, அடுத்த படம் 15ஆம் வினாவில் தொடங்கியது. 13இல் முழு மதிப்பெண்ணுக்கு உரியது அந்தப் பக்கத்திலேயே இருந்ததால் அதற்கு மதிப்பெண் இட்டுவிட்டு, 14க்கு நேரே ‘ப’ போட்டிருந்தேன்.

படிக்க இயலாமை வேறு. வாட்ஸ்அப்பில் புகைப்படமாக அனுப்பினால் அது சுருக்கப்பட்டே வந்து சேரும். ஜேபெக் என்னும் அந்தச் சுருக்குமுறை, படத்தை எட்டுக்கு எட்டுப் புள்ளிகள் கொண்ட சிறு சதுரங்களாகப் பிரித்து, ஒவ்வொரு சதுரத்திலும் பெரிய மாறுதல்களைக் காப்பாற்றி, மிக நுண்ணிய மாறுதல்களைக் கைவிடுகிறது. முகமும் மரமும் அதனால் கெடுவதில்லை. ஆனால் பௌதிக விடைத்தாளில் மிக நுண்ணியது எது? தசமப் புள்ளி, கழித்தல் குறி, பென்சிலால் போட்ட மின்சுற்றின் மெல்லிய கோடு.

19ஆம் வினா இது: 2 மைக்ரோ ஃபாரட், 3 மைக்ரோ ஃபாரட் கொண்ட இரு மின்தேக்கிகளைத் தொடராக இணைத்தால் தொகுபயன் மின்தேக்குத்திறன் என்ன? விடைக்குறிப்பின்படி சூத்திரத்துக்கு ஒன்று, எண்களைப் பிரதியிட்டதற்கு ஒன்று, அலகுடன் கூடிய விடைக்கு ஒன்று. சரியான விடை C = (2 × 3)/(2 + 3) = 6/5 = 1.2 µF. பெயர் மாற்றும்போது கண்ணில் பட்ட வரிசை எண் 27-இன் படத்தில் கடைசி எண் 12 என்றே தெரிந்தது. பெரிதாக்கிப் பார்ப்பதில் பயனில்லை. படத்தில் இல்லாத புள்ளி பெரிதாக்குவதால் வந்துவிடாது. பார்க்கவேண்டியது அதற்கு முந்திய வரியை. அங்கே 6/5 என்று தெளிவாக இருந்தது. ஒன்றுக்கும் இரண்டுக்கும் நடுவே மற்ற எண்களில் இல்லாத ஓர் இடைவெளியும் இருந்தது. அப்படியானால் முழு மதிப்பெண் கொடுக்கலாம் என்று குறிப்பில் எழுதினேன். முந்திய வரியில்லாமல் 12 என்று மட்டும் இருந்தால் ‘ப’ இட்டு, அந்த ஒரு பக்கத்தைப் பகல் வெளிச்சத்தில் மறுபடி எடுத்து, புகைப்படமாக அல்லாமல் ஆவணமாக அனுப்பச் சொல்லவேண்டும்; ஆவணமாக வருவது சுருக்கப்படாமல் வரும். தாள்களை மதிப்பெண் வரும்வரை வீட்டில் பத்திரமாக வைத்திருக்கும்படி பிள்ளைகளிடம் முன்கூட்டியே சொல்லியிருந்தது இதற்காகவே.

கடைசியாக ஒன்று மிஞ்சியது: இரண்டு பேர் கையில் அளவுகோல் ஒன்றாக இருப்பது. அரசுப் பொதுத்தேர்வு விடைத்தாள் திருத்தும் மையங்களில் உதவித் தேர்வாளர் திருத்தியதைச் சரிபார்க்கக் கூர்ந்தாய்வாளரும் முதன்மைத் தேர்வாளரும் இருக்கிறார்கள். எங்களுக்கு அந்த வசதியில்லை. அதனால் வரிசை எண் 4, 9, 15, 20, 22 ஆகிய ஐந்து தாள்களில், மூன்றாம் பகுதிக்கு நான் இட்ட மதிப்பெண்களை மறைத்துவைத்துவிட்டு, அவரே புதிதாகத் திருத்தி, பிறகு இரண்டையும் ஒப்பிடச் சொன்னேன். நடுவழியில் நான் மாற்றிக்கொண்ட தீர்மானத்தையும் ஒளிக்காமல் எழுதினேன். அலகு எழுதாத விடைக்கு முதல் ஆறு தாள்களில் ஒரு மதிப்பெண் முழுதும் குறைத்திருந்தேன். அது அதிகமென்று தோன்றவே அரை மதிப்பெண்ணாக்கி, திரும்பிப் போய் அந்த ஆறையும் திருத்தினேன். சிவப்புக் குறிகளில் பழைய அடையாளம் இருந்தாலும் பட்டியலில் உள்ளதே செல்லும்.

இரண்டாம் நாள் காலை அவர் பேசினார். “அம்மாவுக்கு இப்போ எப்படி இருக்குங்க, மேடம்? 231 சரியா வந்துச்சு. அஞ்சு தாள்ல நாலு ஒத்துப்போகுது, 15-ல மட்டும் நான் ஒரு மார்க் அதிகமாப் போட்டிருக்கேன்” என்றார். சேர்ந்து பார்த்தோம், அந்தப் பெண் சூத்திரத்தை எழுதாமலேயே நேராக எண்களைப் பிரதியிட்டிருந்தாள். பிரதியிட்ட வரியிலேயே சூத்திரம் விளங்குகிறது என்ற அவர் வாதம் நியாயமாகப் பட்டது. என் மதிப்பெண்ணை மாற்றி, நான் முடித்திருந்த 23 தாள்களிலும் அதே மாதிரி உண்டா என்று அவரையே பார்க்கச் சொன்னேன். இன்னும் இரண்டு கிடைத்தன.

ஐந்து மதிப்பெண் விடைக்கு மூன்று நிமிஷம் என்று வைத்தால் நான்காம் பகுதி மட்டுமே ஆறு மணி நேரத்துக்கு மேல் பிடிக்கும். ஆகவே மூன்று நாள் கேட்டிருந்தார். நான்காம் நாள் காலையில் COUNTBLANK சுழியைக் காட்டியது. ‘ப’ ஒன்று மட்டும் நின்றது. அன்றிரவு எட்டரை மணிக்கு வரிசை எண் 12-இன் தகப்பனார் வேலையிலிருந்து திரும்பியதும் அந்தப் பக்கம் ஆவணமாக வந்தது. 14ஆம் வினாவுக்கு இரண்டு மதிப்பெண்.