மேட்டூரில் பாதி அணை எத்தனை அடி?

ஜூன் பிறந்துவிட்டால் எங்கள் டெல்டாப் பக்கத்தில் பேப்பரைப் புரட்டுகிறவர்கள் முதலில் தேடுவது ஒரு சின்னக் கட்டத்தை. மேட்டூர் அணை: நீர்மட்டம் இத்தனை அடி, நீர் இருப்பு இத்தனை டிஎம்சி, நீர்வரத்து வினாடிக்கு இத்தனை கன அடி, வெளியேற்றம் இத்தனை. ஜூன் 12-ல் தண்ணீர் திறப்பார்களா, குறுவைக்கு நாற்று விடலாமா என்பதெல்லாம் அந்த நான்கு எண்களில் இருக்கிறது. அணை வேகமாக நிரம்பும் நாட்களில் கட்டத்துக்குப் பக்கத்திலேயே ஒரு கோட்டு வரைபடமும் போடுவார்கள். ஒன்பதாம் வகுப்புக்குப் புள்ளியியல் பாடம் எடுக்கும்போது நான் பாடநூலை மூடி வைத்துவிட்டு அந்த வரைபடத்தைத்தான் கையில் எடுப்பேன்.

ஒருமுறை நீர்மட்டம் 60 அடியைத் தொட்டிருந்த நாள். கத்தரித்து வந்த படத்தைக் கரும்பலகையில் ஒட்டிவிட்டு, "என்ன தெரியுது?" என்றேன்.

"பாதி அணை நிரம்பிடுச்சு சார். மொத்தம் 120, இப்ப 60" என்றான் முன்வரிசைப் பையன். வகுப்பு முழுக்கத் தலையாட்டியது. டீக்கடையிலும் இதையேதான் சொல்வார்கள்.

"கீழே டிஎம்சி எவ்வளவு போட்டிருக்கு, படி."

ஏறத்தாழ 25 என்று இருந்தது. அணையின் முழுக் கொள்ளளவு 93.47 டிஎம்சி. கால் பங்கைவிடச் சற்றுக் கூடுதல், அவ்வளவுதான். பையன் பேப்பரில் அச்சுப்பிழை என்றே முடிவு கட்டிவிட்டான்.

சத்துணவுக் கூடத்திலிருந்து ஒரு வாணலியும் டம்ளரும் வாங்கிவரச் சொன்னேன். வாணலியின் நடுவில் ஒரு அளவுகோலை நட்டமாகப் பிடித்துக்கொண்டு, டம்ளர் டம்ளராகத் தண்ணீர் ஊற்றினோம். முதல் டம்ளருக்குத் தண்ணீர் ஒரு விரல் உயரம் ஏறியது. எட்டாவது டம்ளருக்கு ஏறியது ஒரு சோற்றுப் பருக்கை அளவுதான். ஊற்றியது என்னவோ ஒரே டம்ளர். மேலே போகப் போக வாணலியின் வாய் அகலமாகிறது, தண்ணீர் பரந்துகொள்கிறது. மலைகளுக்கு நடுவே பள்ளத்தாக்கில் கட்டிய அணையும் வாளி மாதிரி நேராக நிற்பதில்லை, வாணலி மாதிரிதான் விரிகிறது.

பிறகு கட்டத்தாளில் உட்கார்ந்தோம். கிடை அச்சில் நீர்மட்டம், செங்குத்து அச்சில் நீர் இருப்பு. பேப்பரில் வெவ்வேறு நாட்களில் வந்த எண்களை முழு எண்ணாக்கிப் புள்ளி வைத்தோம்: 40 அடிக்கு 12 டிஎம்சி, 60 அடிக்கு 25, 80 அடிக்கு 42, 100 அடிக்கு 65, 120 அடிக்கு 93. அளவுகோல் வைத்துச் சேர்க்க முடியவில்லை. கோடு மேல்நோக்கி வளைந்தது. அந்த வளைவில் பாதி இருப்பு, அதாவது 46 முக்கால் டிஎம்சி எங்கே வருகிறது என்று விரலை ஓட்டிப் பார்த்தால் 85 அடிக்குப் பக்கத்தில் நிற்கிறது. மேட்டூரில் பாதி அணை என்றால் 60 அல்ல, கிட்டத்தட்ட 85.

எந்த வரைபடத்தைப் பார்த்தாலும் கோட்டின் மேல் கண் போகுமுன் செங்குத்து அச்சின் ஓரத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்கச் சொல்வது இதற்காகத்தான். அடியா, டிஎம்சியா? நாம் அறிய நினைப்பது தண்ணீர் எவ்வளவு என்பது. படம் சொல்வது தண்ணீர் எவ்வளவு உயரம் என்பது.

இதற்கும் ஒரு வரம்பு உண்டு. அணையில் இருக்கும் தண்ணீரை யாரும் அளந்து பார்ப்பதில்லை. நீர்மட்டத்தைத்தான் அளக்கிறார்கள், இத்தனை அடிக்கு இத்தனை கொள்ளளவு என்கிற அட்டவணையைப் பார்த்து டிஎம்சியை எழுதுகிறார்கள். முழுக் கொள்ளளவாகச் சொல்லப்படும் 93.47 என்ற எண் 1934-ல் அணை கட்டி முடித்த காலத்தோடு ஒட்டியது. அதற்குப் பிறகு காவிரி கொண்டுவந்து சேர்த்த வண்டல் அந்த எண்ணில் இல்லை.

இப்போது நீர்வரத்துக்கு வருவோம். வினாடிக்கு 1 லட்சம் கன அடி என்று தலைப்புப் போடுகிறார்கள். அது ஒரு நாளில் எத்தனை டிஎம்சி? ஒரு நாளுக்கு 86,400 வினாடி. 1 லட்சத்தால் பெருக்கினால் 864 கோடி கன அடி. ஒரு டிஎம்சி என்பது ஆயிரம் மில்லியன் கன அடி, நம் கணக்கில் 100 கோடி. ஆக 8.64 டிஎம்சி. பிள்ளைகளுக்கு இந்தப் பெருக்கல் பிடித்துப்போனதற்குக் காரணம், பேப்பரில் வந்த எண்ணைத் தாங்களே சரிபார்க்க முடிகிறது என்பதுதான்.

அந்த 8.64 டிஎம்சி முழுவதும் அணையிலேயே தங்குவதாக வைத்துக்கொண்டு நீர்மட்டத்தை எத்தனை அடி ஏற்றும் என்று கேட்டேன். நம் வளைவைப் பாருங்கள். 40 அடிக்கும் 60 அடிக்கும் நடுவே 20 அடி ஏற 13 டிஎம்சி போதும், அப்படியானால் 8.64 டிஎம்சிக்கு 13 அடி ஏறும். 100-க்கும் 120-க்கும் நடுவே அதே 20 அடிக்கு 28 டிஎம்சிக்கு மேல் வேண்டும். அங்கே அதே வெள்ளம் 6 அடிதான் ஏற்றும். ஆற்றில் வருகிற தண்ணீர் ஒரு சொட்டும் குறையாமலே நீர்மட்டக் கோட்டின் சாய்வு பாதிக்கும் கீழே போய்விடுகிறது. கோடு படுக்கத் தொடங்கியதும் "வரத்து குறைஞ்சுடுச்சு" என்று சொல்கிறோமே, அங்கேதான் ஏமாறுகிறோம். வரத்து குறைந்ததா என்பதை நீர்மட்டக் கோட்டில் தேடக்கூடாது, நீர்வரத்து எண்ணில் தேட வேண்டும்.

2024 ஜூலையை எடுத்துக்கொள்ளலாம். மாத நடுவில் 50 அடிக்கும் கீழே கிடந்த அணை, கர்நாடகத்தில் பெய்த மழையால் 27-ஆம் தேதி 100 அடியைத் தொட்டது. 30-ஆம் தேதி 120 அடி. அணை வரலாற்றில் 43-வது முறையாக முழுக் கொள்ளளவு. ஜூன் 12, ஜூலை 16, ஜூலை 27, ஜூலை 30 என்று நான்கு நாட்களைச் சம இடைவெளியில் வைத்து ஒரு படம் வரையச் சொன்னேன். அடுத்து, ஒரு நாளுக்கு ஒரு கட்டம் என்று தேதிப்படி இடம் விட்டு அதையே திரும்ப வரையச் சொன்னேன். முதல் படத்தில் கடைசி 20 அடி சாவகாசமாக ஏறுகிறது. இரண்டாவதில் அது சுவர் ஏறுவது போல நிமிர்கிறது, ஏனென்றால் 20 அடி ஏற மூன்றே நாள்தான் ஆனது. முதல் படத்தில் மூன்று நாளுக்கும் 34 நாளுக்கும் ஒரே அகலம். பத்திரிகைகளில் இந்தத் தவறு அடிக்கடி நடக்கிறது. வேண்டுமென்றே செய்வதைவிட அவசரத்தில் நேர்வதுதான் அதிகம் என்பது என் எண்ணம்.

"செங்குத்து அச்சு பூஜ்யத்திலிருந்துதான் தொடங்கணுமா சார்?" என்று ஒரு மாணவி கேட்டாள். நல்ல கேள்வி, இதற்குப் பதில் படத்தைப் பொறுத்து மாறும். அணை 118-க்கும் 120-க்கும் இடையே ஊசலாடும் வாரத்தில் பூஜ்யத்திலிருந்து வரைந்தால் ஒரு மொட்டைக் கோடுதான் தெரியும். 115-லிருந்து தொடங்குவதுதான் அங்கே நியாயம். கோட்டுப் படத்தில் நாம் பார்ப்பது ஏற்ற இறக்கத்தை. பட்டைப் படத்தில் பார்ப்பதோ பட்டையின் நீளத்தை; அடியை வெட்டினால் நீளம் பொய்யாகிவிடும்.

அவர்களுக்கு நெருக்கமான எண்களையே கொடுத்தேன். தமிழ்நாட்டில் பத்தாம் வகுப்புத் தேர்ச்சி 2023-ல் 91.39 சதவீதம், 2024-ல் 91.55, 2025-ல் 93.80. அச்சை 91-ல் தொடங்கி மூன்று பட்டை போட்டால், 2025-ன் பட்டை 2023-ன் பட்டையைப் போல ஏழு மடங்கு உயரம் நிற்கும். நடந்ததோ இரண்டரைப் புள்ளிக்கும் குறைவான உயர்வு. பூஜ்யத்திலிருந்து போட்டால் மூன்றும் ஏறக்குறைய ஒரே உயரம். அடி வெட்டிய பட்டைப் படத்தை நம்பாமல், பட்டையின் தலையில் எழுதியிருக்கும் எண்ணை மட்டும் படித்தால் போதும்.

வகுப்பு முடிய ஐந்து நிமிடம் இருந்தது. 120 அடியைத் தொட்ட பிறகு கோடு எப்படிப் போகும் என்று கேட்டேன். "நேரா படுத்துக்கும் சார்" என்றார்கள். சரிதான். ஏன்? அதற்கு மேல் அணை தாங்காது, வருவதை அப்படியே திறந்துவிடுகிறார்கள். வரத்து ஒன்றரை லட்சம் கன அடியாக இருந்தால் வெளியேற்றமும் ஒன்றரை லட்சம்; நீர்மட்டக் கோடு மட்டும் அசையாது.

கடைசி வரிசையில் கொள்ளிடக் கரையோரத்துப் பெண் ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். அதுவரை வாயே திறக்கவில்லை. "சார், எங்க ஊர்ல மைக் கட்டி 'கரைப்பக்கம் போகாதீங்க, ஆடு மாட்டை மேட்டுக்கு ஓட்டுங்க'ன்னு சொல்லிட்டுப் போனது அப்பதான்" என்றாள்.

கோடு ஏறிக்கொண்டிருந்த நாட்களில் அவள் ஊருக்கு ஆபத்து இல்லை. வெள்ளத்தின் பெரும்பகுதியை அணை வாங்கிக்கொண்டது. கோடு படுத்த பிறகுதான் தண்ணீர் முக்கொம்புக்கு வந்து, உபரி கொள்ளிடத்தில் திரும்பியது. நாளைக் காலை பேப்பரில் அந்தப் படத்தைப் பார்க்கிறவர்கள் பக்கத்தில் இருக்கும் வெளியேற்ற எண்ணையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.