மார்க் ஷீட் படத்திலிருந்து ஜி.பி.ஏ. வரை

பக்கத்து வீட்டுப் பெண் முதல் செமஸ்டர் மார்க் ஷீட்டைப் படமெடுத்து அனுப்பி, "மாமா, என் ஜி.பி.ஏ. எவ்வளவு வரும்?" என்று கேட்டாள். தாள் மடிந்த கோடு வேதியியலின் மொத்த மதிப்பெண் மேலேயே ஓடியது. 60-ஆ 80-ஆ என்று கண்ணுக்குப் பிடிபடவில்லை. அதே வரியில் இன்டர்னல் 16, எழுத்துத் தேர்வு 44 என்று தெளிவாக இருந்தது. கூட்டினால் 60. படத்திலிருந்து எடுக்கும் ஒவ்வொரு வரியையும் இப்படிக் கூட்டிச் சரிபார்த்துவிட்டுத்தான் அடுத்த வேலைக்குப் போக வேண்டும்.

அவள் ஷீட்டில் கிரெடிட் இல்லை. அது பாடத்திட்டப் புத்தகத்தில், பாடக் குறியீட்டுக்கு நேரே இருக்கும். பொதுவாக வாரம் ஒரு மணி நேர வகுப்புக்கு ஒரு கிரெடிட், இரண்டு மணி நேர லேபுக்கு ஒரு கிரெடிட்.

அவள் கல்லூரி பின்பற்றுவது அண்ணா பல்கலைக்கழகத்தின் 2017 விதிமுறை அட்டவணையை. அதன்படி 91 முதல் ஓ கிரேடு, 10 புள்ளி. 81 முதல் ஏ பிளஸ், 9. 71 முதல் ஏ, 8. 61 முதல் பி பிளஸ், 7. 50 முதல் 60 வரை பி, 6.

```
GPA = Σ(C × GP) / ΣC
```

இதில் C கிரெடிட், GP கிரேடு புள்ளி. கணிதம் 78: 4 × 8 = 32. இயற்பியல் 66: 3 × 7 = 21. வேதியியல் 60: 3 × 6 = 18. கணினி நிரலாக்கம் 91: 3 × 10 = 30. லேப் 88: 2 × 9 = 18. மொத்தம் 119. அதை 15 கிரெடிட்டால் வகுத்தால் 7.93. கிரெடிட்டை மறந்து ஐந்து புள்ளிகளையும் வெறுமனே சராசரி எடுத்திருந்தால் 8 என்று வந்திருக்கும். வேதியியலை 80 என்று படித்திருந்தால் 8.33.

அரியர் இருந்தால் இன்னும் கவனம் வேண்டும். அந்த விதிமுறையில் தேறாத பாடம் கணக்கிலேயே சேராது. வேதியியல் போயிருந்தால் 101-ஐ 12-ஆல் வகுத்து 8.42 வரும், தேறியவளைவிட அதிகம்! தேறாத பாடத்துக்குச் சுழியம் போட்டு அதன் கிரெடிட்டையும் சேர்க்கும் கல்லூரியில் அதே மாணவிக்கு 6.73தான். ஆகவே அரியர் உள்ளவர்கள் ஜி.பி.ஏ.வை மட்டும் சொன்னால் போதாது, எத்தனை கிரெடிட்டுக்கு என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். மொத்தம் 50 தாண்டிவிட்டதே என்று தேர்ச்சி போட்டுவிடவும் கூடாது. எழுத்துத் தேர்வுக்குத் தனியாகக் குறைந்தபட்ச மதிப்பெண் உண்டு.

2021 விதிமுறை மாணவர்களுக்கு இந்த அட்டவணையே பொருந்தாது. அதில் பெரிய வகுப்புகளில், மற்ற மாணவர்கள் எடுத்ததோடு ஒப்பிட்டுத்தான் கிரேடு போடுகிறார்கள். 78 வாங்கியவருக்கு என்ன கிரேடு என்பதை அவருடைய மார்க்கை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. ஷீட்டில் அச்சான கிரேடை எடுத்துக்கொண்டுதான் பெருக்கத் தொடங்க வேண்டும்.